எண் பூச்சியம் ஆகும்வரை அல்ல, புலத்தின் அகலம் முடியும்வரை சுற்றுங்கள்

கேள்வி: பயனர் அமைப்புகள் எல்லாவற்றையும் ஒரே முழு எண்ணாக டேட்டாபேஸில் வைத்திருக்கிறோம். பைத்தானில் `bin()` எடுத்து, 1 இருக்கும் இடங்களைப் பட்டியலாக்கினால் 9 என்ற எண்ணுக்குச் சரியாக வருகிறது. 41 என்ற எண்ணுக்கு மட்டும் `[0, 2, 5]` என்று தவறாக வருகிறது. சரியான முறை என்ன?

பதில்:

உங்களுக்கு வந்திருக்கும் பிழை சிறியது, அதை முதலில் முடித்துவிடுகிறேன். 41 இன் இருநிலை வடிவம் 101001. `bin()` தரும் சரத்தை நீங்கள் இடமிருந்து எண்ணுகிறீர்கள். பிட் இடங்களையோ வலமிருந்து எண்ண வேண்டும். வலமிருந்து எண்ணினால் 0, 3, 5 என்று சரியாக வரும். 9 இன் வடிவம் 1001. எந்தப் பக்கமிருந்து படித்தாலும் அது ஒன்றே என்பதால் பிழை அதில் மறைந்துகொண்டது. 5, 9, 33 போன்ற எண்களைக் கொண்டு சோதித்தால் இந்தப் பிழை ஒருபோதும் வெளிப்படாது.

"அப்படியானால் சரத்தைத் திருப்பிப் போட்டால் போதும்" என்று பலர் சொல்வார்கள். அந்த ஒற்றை வரி விடையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது. இதே வகை அமைப்புப் புலம் ஒன்றினால் பயனர்களின் தெரிவுகள் அழிந்துபோனதற்குக் காரணம் தேடும் பொறுப்பு ஒரு முறை என்னிடம் வந்தது. உங்கள் அட்டவணையும் ஏறத்தாழ அப்படித்தான் இருக்கும் என்று ஊகித்து எழுதுகிறேன்: பல ஆண்டுகளாக இருக்கும் ஒரு நெடுவரிசை, அதன் வகை குறியுடைய 32 பிட் முழு எண், அதில் ஒன்றுக்கு மேற்பட்ட நிரல்கள் எழுதுகின்றன.

எங்களிடம் எழுதும் நிரல் ஜாவாவில் இருந்தது, அமைப்புப் பக்கத்தைக் காட்டும் நிரல் பைத்தானில் இருந்தது. காலப்போக்கில் ஃப்ளாக்குகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து, கடைசியாக 31 ஆம் இடமும் ஒரு புதிய வசதிக்கு ஒதுக்கப்பட்டது. ஜாவாவின் `int` வகையில் `1 << 31` என்பதன் மதிப்பு −2147483648. ஆகவே 0, 3, 5 ஆகிய இடங்கள் ஏற்கெனவே 1 ஆக இருந்த ஒருவர் அந்தப் புதிய வசதியை இயக்கியதும், அவருடைய வரிசையில் 41 என்று இருந்த மதிப்பு −2147483607 ஆக மாறியது. 2-ன் நிரப்பி முறையில் இது முற்றிலும் சரியான மதிப்பு. ஜாவா நிரலில் எந்தக் குறையும் இல்லை, டேட்டாபேஸும் மறுப்பின்றி ஏற்றுக்கொண்டது.

குறை பைத்தான் பக்கத்தில் இருந்தது. அங்கிருந்த ஃபங்ஷன் கடைசி பிட்டைப் பார்த்துவிட்டு எண்ணை வலப்பக்கம் ஒரு பிட் நகர்த்தும். `while n > 0` என்ற நிபந்தனை உள்ளவரை இதைத் திரும்பச் செய்யும். எண் எதிர்மறையாக வந்ததும் லூப் ஒருமுறைகூட ஓடாமல் வெற்றுப் பட்டியலைத் திருப்பித் தந்தது. பிழைச் செய்தி எதுவும் எழவில்லை, லாகிலும் ஒன்றும் பதிவாகவில்லை. பக்கத்தில் எல்லாப் பெட்டிகளும் காலியாகத் தோன்றின. பயனர் அதைக் கவனிக்காமல் வேறொரு பெட்டியை மட்டும் தெரிவுசெய்து சேமித்தபோது, பழைய தெரிவுகள் அனைத்தும் நிரந்தரமாக மேலெழுதப்பட்டன.

காரணத்தைத் தேடுவதைக் கடினமாக்கியதும் இந்த மேலெழுதலே. புகார் கொடுத்தவர்களின் வரிசைகளைப் பார்த்தால் அவற்றில் சாதாரணமான சிறிய நேர்ம எண்களே இருந்தன, ஏனெனில் அவர்கள் ஏற்கெனவே சேமித்துவிட்டார்கள். இன்னும் சேமிக்காதவர்களிடம்தான் தடயம் இருந்தது. மதிப்பு பூச்சியத்துக்குக் கீழே உள்ள வரிசைகளை மட்டும் கேட்ட பிறகுதான், அத்தனை பேரும் அந்தப் புதிய வசதியை இயக்கியவர்கள் என்பது தெரிந்தது. உங்கள் அட்டவணையில் இன்றே இதைச் செய்து பாருங்கள்; ஒரு வரிசை திரும்பி வந்தாலும் கீழே சொல்வது உங்களுக்கு அவசரமானது.

நிபந்தனையை `while n != 0` என்று மாற்றினால் போதாதா என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் கேட்டார். பைத்தானில் அது இன்னும் மோசமான விளைவைத் தரும். அங்கே முழு எண்ணுக்கு அகல வரம்பு கிடையாது. எதிர்மறை எண்ணின் இடப்பக்கம் முடிவின்றி 1 கள் நிற்பதாகவே பைத்தான் கருதுவதால், வலப்பக்கம் நகர்த்திக்கொண்டே போனால் எண் −1 இல் வந்து நின்றுவிடும், பூச்சியம் ஆகவே ஆகாது. லூப் முடியாமல் பட்டியல் வளர்ந்துகொண்டே போகும். நினைவகம் ஏறிக்கொண்டே போவதுதான் இதற்கு வெளியே தெரியும் அடையாளம். சரத்தைத் திருப்பும் முறையும் இங்கே உதவாது. `bin(-2147483607)` என்பது கழித்தல் குறியைப் போட்டுவிட்டு 2147483607 இன் பிட்களையே எழுதும்; அவை வேறோர் எண்ணின் பிட்கள். திருப்பிப் படித்தால் 0, 1, 2, 4 ஆகியவையும் 6 முதல் 30 வரையிலான அனைத்தும் இயக்கத்தில் இருப்பதாகக் காட்டும். பயனர் ஒருபோதும் தொடாத வசதிகள் எல்லாம் இயங்கத் தொடங்கிவிடும்.

இவை மூன்றும் தவறுவதற்குக் காரணம் ஒன்றே. லூப் எப்போது நிற்க வேண்டும் என்பதை எண்ணின் மதிப்பிடம் விட்டுவிடுகிறோம். அதை முடிவுசெய்ய வேண்டியது புலத்தின் அகலம். அகலத்தை வெளிப்படையாகக் கொடுத்துவிட்டால் குறி பற்றிய சிக்கலே எழுவதில்லை:

```python
def bit_positions(n, width=32):
    if not -(1 << (width - 1)) <= n < (1 << width):
        raise ValueError(n)
    return [i for i in range(width) if (n >> i) & 1]
```

−2147483607 ஐக் கொடுத்துப் பாருங்கள். 31 இடங்கள் வலப்பக்கம் நகர்த்தினால் −1 கிடைக்கும், அதன் கடைசி பிட் 1, ஆகவே 31 பட்டியலில் சேரும். விடை `[0, 3, 5, 31]`. அதே பிட்களைக் குறியற்ற எண்ணாக எழுதும் நிரலிடமிருந்து 2147483689 என்று வந்தாலும் விடை மாறாது. முதலில் உள்ள வரம்புச் சோதனையை வீண் என்று நினைத்து நீக்கிவிட வேண்டாம். யாரேனும் பின்னாளில் நெடுவரிசையை 64 பிட்டாக்கி 40 ஆம் இடத்தில் ஒரு ஃப்ளாக் வைத்தால், சோதனை இல்லாத ஃபங்ஷன் அதைச் சத்தமின்றி விட்டுவிடும். சோதனை இருந்தால் அன்றே தெரிந்துவிடும்.

இங்கே சிலர் `n & -n` உத்தியைச் சொல்ல வருவார்கள். அது நல்ல உத்திதான், மறுக்கவில்லை. 40 ஐ எடுத்துக்கொண்டால் 101000. அதன் எதிர்மறையின் கடைசி ஆறு பிட்கள் 011000. இரண்டையும் `&` செய்தால் 001000, அதாவது 8, மிகத் தாழ்ந்த 1 மட்டும் தனியே கிடைக்கிறது. `(8).bit_length() - 1` என்பது 3; அந்த 8 ஐ நீக்கிவிட்டு மீதமுள்ள 32 இல் தொடரலாம். எத்தனை பிட்கள் 1 ஆக உள்ளனவோ அத்தனை முறை மட்டுமே லூப் ஓடும். ஆனால் பைத்தானில் எதிர்மறை எண்ணை அப்படியே கொடுத்தால் இதுவும் முடியாது; முதலில் `n & 0xFFFFFFFF` என்று 32 பிட்டுக்கு வெட்டியாக வேண்டும். அகலத்தை எப்படியும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. 32 இடங்களே உள்ள ஒரு புலத்துக்கு, படித்தவுடன் புரியும் முறையையே நான் தேர்வேன். பல்லாயிரம் பிட்கள் கொண்டு, அவற்றில் சில மட்டும் 1 ஆக உள்ள அமைப்பு என்றால் என் தேர்வு வேறாக இருக்கும்.

பட்டியலாக்குவது பாதி வேலைதான். அதைத் திரும்ப எண்ணாக்கி எழுதும்போது இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். ஒன்று, இடங்களின் மதிப்புகளைக் கூட்டினால் 2147483689 வரும். குறியுடைய 32 பிட் நெடுவரிசையின் உச்ச மதிப்பு 2147483647 என்பதால் அது உள்ளே போகாது. கூட்டுத்தொகை 2147483648 அல்லது அதற்கு மேல் இருந்தால் 4294967296 ஐக் கழித்துவிட்டு எழுத வேண்டும். அப்போது பழைய −2147483607 திரும்பக் கிடைக்கும்.

மற்றது, எங்கள் வழக்கில் இன்னும் அதிகச் சேதம் செய்திருக்கக்கூடியது. எங்கள் பக்கத்துக்கு 0 முதல் 5 வரையிலான ஆறு இடங்களின் பெயர்கள் மட்டுமே தெரியும் என்று வைத்துக்கொள்வோம். பயனர் 3 ஆம் இடத்தை அணைத்துவிட்டுச் சேமிக்கிறார். படிவத்திலிருந்து வருவது 0, 5 ஆகிய இரண்டே, அதாவது 33. அதை அப்படியே எழுதினால் ஜாவா நிரல் 31 ஆம் இடத்தில் வைத்தது அழிந்துபோகும். பிட்களைச் சரியாகப் பிரித்திருந்தாலும் விளைவு பழையதே. ஒரு நிரல் தனக்குப் பெயர் தெரியாத பிட்டைத் தொடக்கூடாது:

```python
known = 0b111111
new = (old & ~known) | chosen
```

`old` −2147483607, `chosen` 33 என்றால் `new` −2147483615 ஆகும். 31 ஆம் இடம் அப்படியே இருக்கும், 3 மட்டும் அணையும். பைத்தானின் `IntFlag` வகையைப் பயன்படுத்துவோரும் இதைக் கவனிக்க வேண்டும். 3.11 முதல் அதன் மதிப்பை நேரடியாக `for` லூப்பில் சுற்றலாம், ஆனால் பெயர் கொடுக்கப்பட்ட பிட்கள் மட்டுமே வெளிவரும். அந்தப் பட்டியலிலிருந்து எண்ணை மீண்டும் கட்டினால் பெயரில்லாதவை போய்விடும்.

"ஒவ்வோர் அமைப்புக்கும் தனி நெடுவரிசை வைத்திருந்தால் இவ்வளவும் தேவையா" என்று கீழே கேட்கப்போகிறவர்களுக்கு: புதிதாக அட்டவணை வடிவமைப்பவருக்கு நானும் அதையே சொல்வேன். ஆனால் கேட்டவரிடம் இருப்பது ஏற்கெனவே நிறைந்து கிடக்கும் அட்டவணை, அதை இன்று படித்தாக வேண்டும். தனி நெடுவரிசைகளுக்கு மாற்றுவது என்றாலும் பழைய எண்களை ஒரு முறை சரியாகப் பிரித்துத்தானே மாற்ற முடியும்?

சோதிக்கும்போது 9 ஐ விட்டுவிடுங்கள். 0 க்கு வெற்றுப் பட்டியல், 41 க்கு `[0, 3, 5]`, −2147483648 க்கு `[31]`, −1 க்கு 0 முதல் 31 வரை அனைத்தும், 4294967296 க்கு `ValueError`. இந்த ஐந்தும் சரியாக வந்தால் ஃபங்ஷனை உங்கள் நிரலில் சேர்க்கலாம்.