பேலி–ஹ்யூம் கட்டுரைக்கு என்ன குறிப்பு எழுதுவது? ஏ-லெவல் மதக் கல்வி: கேள்வி பதில்

பயிற்சி ஆசிரியை, லண்டன்: டீச்சர், ஓசிஆர் ஏ-லெவல், பன்னிரண்டாம் ஆண்டு வகுப்பு. "வடிவமைப்பு வாதம் ஹ்யூமின் விமர்சனத்துக்குத் தாக்குப்பிடிக்காது. விவாதிக்க." இதுதான் தலைப்பு. எல்லாக் கட்டுரையிலும் "நல்ல அறிவு, மதிப்பீட்டை ஆழப்படுத்தவும்"னுதான் எழுதறேன். இது போதாதுன்னு துறைத் தலைவர் சொல்றார். என்ன குறைன்னு எனக்குப் புரியல.

பதில்: அந்த வரியை அடுத்த பிள்ளையின் கட்டுரைக்கு அடியில் ஒட்டிப் பாருங்கள். அங்கேயும் பொருந்தினால் அது யாருக்கும் உதவாத குறிப்பு. "ஆழப்படுத்து" என்றால் எந்த வரிக்குப் பிறகு, எதை எழுதி? அதைத்தான் பிள்ளை தெரிந்துகொள்ள வேண்டும்.

40 மதிப்பெண்ணில் 16 ஏஓ1-க்கு, அதாவது அறிவுக்கும் புரிதலுக்கும். 24 ஏஓ2-க்கு, அதாவது மதிப்பீட்டுக்கு. பெரும்பாலான பிள்ளைகள் முதலாவதில் தேறி, இரண்டாவதில் தேங்குவார்கள். ஆகவே பலத்தை எங்கே சொல்கிறோம், அடுத்த படியை எங்கே வைக்கிறோம் என்பதை இந்தப் பிரிவை மனதில் வைத்தே முடிவு செய்யுங்கள்.

மாதிரிக்கு ஒரு பத்தி:

"கடிகாரத்தின் பற்சக்கரமும் வில்லும் நேரம் காட்டும் ஒரே நோக்கத்துக்காகப் பொருந்தியிருப்பதால், அதைச் செய்தவர் ஒருவர் உண்டு, உலகுக்கும் அப்படியே என்றார் பேலி. இதற்கு ஹ்யூம் பதில் சொன்னார்: உலகங்கள் உருவாவதை நாம் பார்த்ததே இல்லை, ஆகவே இந்த ஒப்பீடு செல்லாது. இதனால் பேலியின் வாதம் தோற்கிறது."

மோசமான பத்தி இல்லை. ஆனால் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிட்டு, கடைசியாகப் பேசியவருக்கு வெற்றி கொடுத்திருக்கிறது. ஏஓ2-இல் நான் அதிகம் காணும் கோளாறு இதுதான். "ஆனால்", "இதனால்" என்ற சொற்கள் வாதம் போலத் தோன்றவைத்துவிடும். இடையில் எடை போட்ட ஒரு வாக்கியம்கூட இருக்காது.

நான் எழுதும் குறிப்பு இப்படி இருக்கும்:

"பேலியின் வாதம் நோக்கத்துக்காகப் பொருந்திய உறுப்புகளில் நிற்கிறது என்பதைப் பிடித்திருக்கிறாய், 'உலகம் அழகானது, ஆகவே கடவுள்' என்று சுருக்கவில்லை. ஹ்யூமின் மறுப்புகளில் அந்த ஒப்பீட்டையே தாக்கும் ஒன்றைத் தேர்ந்தது சரியான தேர்வு. அடுத்து: 'ஒப்பீடு செல்லாது' என்ற வரிக்குப் பின் மூன்று வாக்கியம் சேர். ஒருவர் கடிகாரம் செய்வதை நாம் பார்த்ததே இல்லை என்றாலும் முடிவு மாறாது என்கிறார் பேலி. அதை முதலில் எழுது. அது ஹ்யூமுக்குப் பதிலாகுமா என்று கேள். ஆகும் அல்லது ஆகாது, ஏன் என்று சொல். இந்தப் பத்தியை மட்டும் திருத்தி எழுது."

அந்த மூன்றாவது வாக்கியத்தை நீங்களே எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு பிள்ளை, "கடிகாரத்தைப் பார்க்காவிட்டாலும் மனிதர் செய்த வேறு பொருட்களைப் பார்த்திருக்கிறோம், உலகத்துக்கு அந்தப் பழக்கமும் இல்லை" என்று ஹ்யூம் பக்கம் நிற்கலாம். இன்னொரு பிள்ளை, உறுப்புகள் பொருந்தியிருக்கும் விதமே போதும் என்று பேலி பக்கம் நிற்கலாம். இரண்டுக்கும் மதிப்பெண் உண்டு.

"ஹ்யூம் பதில் சொன்னார்" என்பது தனிச் சிக்கல். ஹ்யூம் இறந்தது 1776. அவருடைய உரையாடல் நூல் வெளிவந்தது 1779. பேலியின் நூல் 1802. அந்த வரியின் ஓரத்தில் "காலம்?" என்று ஒரு சொல் போதும். கட்டுரைக்கு அடியில் எழுதும் குறிப்பின் இடத்தை இதற்குச் செலவழித்தால், பிள்ளை ஆண்டை மட்டும் திருத்திவிட்டு, வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்ளும்.

டியூஷன் ஆசிரியர், ஹாரோ: இதுக்கு இவ்வளவு யோசனை எதுக்கு? முதல்ல பாராட்டு, நடுவுல குறை, கடைசில பாராட்டு. பிள்ளை மனசு நோகாது, விஷயமும் போய்ச் சேரும்.

பதில்: முதலில் பலத்தைச் சொல்வது சரிதான். கடைசிப் பாராட்டுத்தான் இடிக்கிறது. படித்து முடித்ததும் மனதில் நிற்பது கடைசி வரி. அங்கே "அருமையான முயற்சி" இருந்தால், நடுவில் இருந்த வேலை காணாமல் போய்விடும். செய்ய வேண்டியதே கடைசி வரியாக இருக்கட்டும். பலமும் குறையும் ஒன்றுக்கு ஒன்று என்று கணக்கு ஒக்க வேண்டியதும் இல்லை. பேலியை நன்றாக விளக்கிவிட்டு மதிப்பீட்டையே தொடாத கட்டுரைக்குப் பலம் ஒரு வாக்கியம் போதும். வேறொன்றுக்கு மூன்று வேண்டியிருக்கும்.

ஒரு தாய்: மகன் இந்தக் கட்டுரையை "ஆகவே கடவுள் இருக்கிறார்" என்று முடித்திருந்தான். "முடிவு நியாயப்படுத்தப்படவில்லை" என்று டீச்சர் எழுதியிருக்கிறா. நாங்கள் சைவக் குடும்பம். நம்பிக்கைக்கு மார்க் குறைக்கலாமா? மறுமதிப்பீடு கேட்கலாமா?

பதில்: நம்பிக்கைக்காக எதுவும் குறைக்கவில்லை, அம்மா. "கடவுள் இல்லை" என்று முடித்திருந்தாலும், முந்தைய பத்திகள் அங்கே கொண்டுபோகவில்லை என்றால் இதே குறிப்புத்தான் வந்திருக்கும். இது வகுப்புக் கட்டுரை. தேர்வு வாரியத்தின் மறுபார்வை பொதுத் தேர்வுத் தாளுக்குத்தான், அதையும் பள்ளி வழியாகவே கேட்க வேண்டும்.

ஆனால் அந்தக் குறிப்பை இப்படி எழுதியது ஆசிரியரின் கவனக்குறைவு. மதக் கல்வியில் "முடிவு" என்ற சொல்லைத் தனியாக விட்டால், தன் நம்பிக்கையைத் தொட்டதாகவே பிள்ளைக்குப் படும். "ஹ்யூமின் மறுப்பு வலுவானது என்று மூன்றாம் பத்தியில் ஒப்புக்கொண்டாய், பிறகும் வாதம் ஏன் நிற்கிறது என்று கடைசிப் பத்தியில் ஒரு காரணம் சொல்" என்று எழுதியிருந்தால், பேச்சு காகிதத்தில் இருப்பதைப் பற்றியதாக இருந்திருக்கும். பயிற்சி ஆசிரியர்களும் இதைக் கவனிக்கவும்: "நீ நம்புவது" என்று தொடங்கும் குறிப்பே வேண்டாம்.

ஆசிரியர், பர்மிங்காம்: நான் மதிப்பெண்ணே போடாமல் குறிப்பு மட்டும் தருகிறேன். 1988-இல் ரூத் பட்லர் செய்த ஆய்வும் குறிப்பு மட்டும்தான் பலன் தந்தது, மதிப்பெண் சேர்ந்தால் பலன் போய்விட்டது என்கிறது. மதக் கல்விக்கும் அதுதானே?

பதில்: அந்த ஆய்வு இளைய பிள்ளைகளுக்குக் கொடுத்த சிறு பணிகளைப் பற்றியது. 40 மதிப்பெண் கட்டுரைக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். நான் குறிப்பை முதலில் கொடுத்து, பத்தியைத் திருத்தி எழுதிய பிறகு மதிப்பெண்ணைச் சொல்வேன்.

அதே ஆசிரியர்: பதின்மூன்றாம் ஆண்டு மாதிரித் தேர்வில் அது நடக்காது. பல்கலைக்கழக விண்ணப்பம் தலைக்கு மேல் நிற்கும்போது பிள்ளைகள் எண்ணைத்தான் கேட்பார்கள்.

பதில்: அங்கே நானும் எண்ணைக் கொடுத்துவிடுகிறேன். அதன் பிறகு குறிப்பை எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

மாணவன்: மிஸ், எனக்கு "இன்னும் அறிஞர்களைச் சேர்"னு வந்திருக்கு. கட்டுரைக்கு எத்தனை பேர் வேணும்? அஞ்சு போதுமா?

பதில்: மதிப்பெண் திட்டத்தில் அப்படி ஒரு எண் கிடையாது, தம்பி. இரண்டு மணி நேரத்தில் மூன்று கட்டுரை, ஒன்றுக்கு நாற்பது நிமிடம். ஐந்து பேரைச் சேர்த்தால் ஆளுக்கு ஒரு வரிதான் கிடைக்கும், எடை போட இடமே இருக்காது. டார்வினைச் சேர்க்கிறாய் என்றால், உறுப்புகள் பொருந்தியிருப்பதற்கு வடிவமைப்பாளர் இல்லாத ஒரு விளக்கத்தை அவர் தருகிறார் என்பதைப் பேலியின் எந்தப் படிக்கு எதிராக வைக்கிறாய் என்று சொல். அது உன் கட்டுரையில் ஏற்கெனவே இருந்தால் புதிதாக யாரும் வேண்டாம். உன் ஆசிரியரிடம் போய், "எந்தப் பத்தியில், யாருடைய எந்தக் கருத்துக்கு எதிராக?" என்று கேள். அந்தக் குறிப்பில் விட்டுப்போனது அதுதான்.