கம்பெனி பெயர் சொல்லாத வேலைச் செய்தி: ஆவணம் அனுப்பலாமா?

"என் மகன் பி.காம். முடித்துவிட்டு வேலை தேடுகிறான். நேற்று தெரியாத எண்ணிலிருந்து அவனுக்கு வாட்ஸ்அப் வந்தது. 'ரெஸ்யூம் செலக்ட் ஆகியுள்ளது, பேக் ஆபீஸ் வேலை, சம்பளம் 26,000. ஆதார், பான், பாஸ்புக் முதல் பக்கம், ஆதாரைக் கையில் பிடித்தபடி ஒரு செல்ஃபி, நாளை மாலைக்குள் அனுப்பவும்' என்று இருந்தது. கம்பெனி பெயரே இல்லை. அனுப்பாவிட்டால் நல்ல வேலை கைநழுவிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அனுப்பலாமா?" – வாசகி, திண்டுக்கல்

அனுப்ப வேண்டாம். வேலை கைநழுவாது. உண்மையான நிறுவனத்துக்கு இந்தக் கட்டத்தில் தேவை ரெஸ்யூம் மட்டும்தான். ஆதாரும் பானும் வங்கிக் கணக்கும் பி.எஃப். கணக்குத் தொடங்கவும், வரி பிடிக்கவும், சம்பளம் போடவும் வேண்டியவை. அதனால் நேர்காணல் முடிந்து, சம்பளம் பேசி, ஆஃபர் லெட்டர் கைக்கு வந்த பிறகுதான் அவற்றைக் கேட்பார்கள்.

கேட்டிருக்கும் நான்கையும் சேர்த்துப் பாருங்கள். பாஸ்புக் பக்கத்தை மட்டும் வைத்து யாரும் பணம் எடுத்துவிட முடியாது. ஆனால் ஆதார், பான், கணக்கு எண், முகம் நான்கும் ஒரே ஆளிடம் சேர்ந்தால், உங்கள் மகன் பெயரில் கடன் செயலியில் விண்ணப்பிக்கத் தேவையானதில் ஓடிபி மட்டும்தான் பாக்கி. அதையும் "வெரிஃபிகேஷன் கோட் வந்திருக்கும், சொல்லுங்க தம்பி" என்று மறுநாள் கேட்பார்கள். ஆதாரைக் கையில் பிடித்த செல்ஃபியை எந்த ஹெச்.ஆரும் வேலைக்காகக் கேட்பதில்லை. அந்த ஒரு வரியே எனக்குப் போதுமான அடையாளம்.

அந்த எண்ணுக்கு இப்படி ஒரே ஒரு பதில் போடச் சொல்லுங்கள்: "நிறுவனத்தின் முழுப் பெயர், அலுவலக முகவரி, உங்கள் பெயர், பதவி ஆகியவற்றை நிறுவன மெயிலிலிருந்து அனுப்புங்கள். பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசுகிறேன்." மோசடிக்காரராக இருந்தால் "மெயில் வேலை செய்யவில்லை", "சீட் போய்விடும்" என்று அவசரப்படுத்துவார், அல்லது ஒரு சர்ட்டிஃபிகேட் படத்தை அனுப்பி நம்பச் சொல்வார். அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

மெயில் வந்தால் அனுப்பியவர் பெயரைத் தொட்டு, முழு முகவரியையும் திறந்து பாருங்கள். மேலே பெரிய கம்பெனியின் பெயர் தெரியும், உள்ளே சாதாரண ஜிமெயில் முகவரி இருக்கும். இன்னொரு தந்திரம், @ குறிக்குப் பின்னால் உண்மையான பெயரோடு -hr, -careers என்று வால் ஒட்டுவது. நிறுவனத்தின் தளம் example.com என்றால் மெயிலும் @example.com என்றே முடிய வேண்டும். @example-careers.com என்பது வேறு யாரோ காசு கொடுத்து வாங்கிய வேறு முகவரி.

பிறகு mca.gov.in தளத்தில் கம்பெனியின் பெயரைத் தேடுங்கள். பதிவான எல்லா பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கும் 21 இலக்க சிஐஎன் எண் உண்டு. அது தொடங்கிய தேதி, பதிவு முகவரி, இப்போது நடப்பில் இருக்கிறதா என்பதெல்லாம் அங்கே தெரியும். பெயர் அங்கே இருக்கிறது என்பதோடு பலரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். அங்கேதான் ஏமாறுகிறார்கள். மோசடிக்காரர்கள் இரவல் வாங்குவதே உண்மையான கம்பெனியின் பெயரையும் சிஐஎன் எண்ணையும்தான். ஆகவே கடைசிச் சோதனை ஒரு போன். நிறுவனத்தின் தளத்தை நீங்களே தட்டச்சு செய்து திறந்து, அதில் உள்ள எண்ணுக்குப் பேசுங்கள். செய்தியில் வந்த எண்ணும் லிங்க்கும் வேண்டாம். கூகுள் மேப்பில் உள்ள எண்ணையும் நம்ப வேண்டாம், அதை வெளியாட்கள் திருத்தப் பரிந்துரைக்க முடியும். "இந்த வேலை உங்களிடம் காலியாக இருக்கிறதா? இந்தப் பெயரில் உங்கள் ஹெச்.ஆரில் ஒருவர் இருக்கிறாரா?" என்ற இரண்டு கேள்விக்கும் ஆம் என்று வந்தால்தான் அடுத்த படி.

ட்ரூகாலரில் "HR" என்று காட்டுவதும், வாட்ஸ்அப்பில் "பிசினஸ் அக்கவுண்ட்" என்று இருப்பதும் சாட்சியே ஆகாது. பிசினஸ் அக்கவுண்டை யாரும் இலவசமாகத் தொடங்கலாம்.

கம்பெனி பெயரைச் சொல்லாமலே வரும் நேர்மையான அழைப்பும் ஒன்று உண்டு. ஆளெடுத்துக் கொடுக்கும் கன்சல்டன்சிகள் முதல் பேச்சில் "ஒரகடத்தில் ஒரு பெரிய ஆட்டோமொபைல் கம்பெனி" என்று மட்டும் சொல்வது வழக்கம். பெயர் தெரிந்தால் நீங்கள் நேராக அங்கே விண்ணப்பித்துவிடுவீர்கள், அவர்களுக்கு வரவேண்டிய கமிஷன் போய்விடும் என்ற கவலை அவர்களுக்கு. அதில் தவறில்லை. ஆனால் அவர்கள் மறைப்பது கம்பெனியின் பெயரைத்தான். தங்கள் கன்சல்டன்சியின் பெயரை, முகவரியை, தங்கள் பெயரை மறைக்க மாட்டார்கள். ஜிஎஸ்டி எண் கேட்டால் தருவார்கள். gst.gov.in தளத்தில் அந்த 15 இலக்க எண்ணைப் போட்டால் பெயரும் பதிவுத் தேதியும் வரும், தமிழ்நாட்டில் பதிவானது என்றால் 33 என்று தொடங்கும். நேர்காணலுக்கு அனுப்பும் முன் கம்பெனியின் பெயரையும் அவர்கள் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் எந்த வாசலில் போய் நிற்பது? கன்சல்டன்சிக்குக் கூலி கொடுப்பது ஆள் எடுக்கும் நிறுவனம். வேலை தேடும் பிள்ளையிடம் காசு கேட்ட நொடியில் அது இந்த வகையில் சேராது.

இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. ரெஜிஸ்ட்ரேஷன் 500, பேக்ரவுண்டு செக் 1,200, லேப்டாப் கூரியருக்கு 3,000, "சம்பளத்தோடு ரீஃபண்ட்" என்று எந்தப் பெயரில் கேட்டாலும் கொடுக்காதீர்கள். முதல் தொகையைச் சின்னதாக வைப்பதே நீங்கள் போலீசுக்குப் போகாமல் விட்டுவிடுவதற்காக. அதைவிடக் கொடுமையான இன்னொன்று, "சேலரி அக்கவுண்ட் நாங்கள் திறந்து தருகிறோம், ஏடிஎம் கார்டும் சிம்மும் எங்களிடம் இருக்கட்டும்" என்பது. வேறு ஊரில் யாரிடமோ திருடிய பணம் அந்தக் கணக்கு வழியாகப் போகும். போலீஸ் தேடி வருவது கணக்குக்கு உரியவரை, அதாவது உங்கள் மகனை.

இவ்வளவையும் ஒரு தாய் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டியிருப்பதே அநியாயம். காசு கட்டினால் யாருக்கு வேண்டுமானாலும் ரெஸ்யூம்களைத் திறந்துவிடும் வேலைவாய்ப்புத் தளங்கள், வாங்குபவர் யார் என்று ஒழுங்காகப் பார்த்தாலே இதில் பாதி அடங்கும். புகார் கொடுப்பதிலும் இரண்டு வாசல் வைத்திருக்கிறார்கள். பணம் போகாத, சந்தேகச் செய்தி மட்டும் என்றால் sancharsaathi.gov.in தளத்தில் 'சக்ஷு' பகுதி. பணம் போய்விட்டால் 1930 எண்ணும் cybercrime.gov.in தளமும். பதற்றத்தில் இருப்பவருக்கு இந்த வித்தியாசத்தை யார் சொல்லித் தருகிறார்கள்? பணம் போயிருந்தால் உடனே 1930-ஐ அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவிக்கொண்டிருக்கும்.

ஒருவேளை மகன் ஏற்கெனவே ஆவணங்களை அனுப்பியிருந்தால் திட்டாதீர்கள், மறைத்துவிடுவான். எம்ஆதார் செயலியில் பயோமெட்ரிக்கைப் பூட்டச் சொல்லுங்கள். சஞ்சார் சாத்தி தளத்திலேயே அவன் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பார்க்கலாம். தெரியாத எண் இருந்தால் அங்கேயே "என்னுடையது இல்லை" என்று குறிக்கலாம். சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை இலவச அறிக்கை தர வேண்டும். இன்று ஒன்றை எடுங்கள், இரண்டு மூன்று மாதம் கழித்து வேறொரு நிறுவனத்திடம் இன்னொன்றை எடுத்து, தெரியாத கடன் முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். நாளை உண்மையான வேலைக்கே ஆதார் கேட்டாலும், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரை myaadhaar.uidai.gov.in தளத்தில் இறக்கி, அது போதுமா என்று முதலில் கேளுங்கள்.

அந்த எண்ணை பிளாக் செய்யும் முன், எண்ணும் தேதியும் தெரியும்படி முழு உரையாடலையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அவர்கள் தங்கள் பக்கத்துச் செய்திகளை அழித்துவிட்டால், புகாரோடு காட்ட உங்களிடம் வேறு எதுவும் இருக்காது.