தொனியும் உணர்வுநிலையும்: ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

'பாடலின் தொனியையும் உணர்வுநிலையையும் விளக்குக' என்று கேட்டால், 'சோகமான தொனி, சோகமான உணர்வு' என்பதற்கு மேல் எனக்கு எழுத வருவதில்லை. பாரி மகளிர் பாடலுக்கும் அப்படித்தான் எழுதினேன். பாதி மதிப்பெண்கூடக் கிடைக்கவில்லை. என்ன எழுதியிருக்க வேண்டும்?

க.

அன்புள்ள க.,

தொனி என்பது பேசுபவர் தாம் சொல்லும் பொருளை எப்படிப் பார்க்கிறார் என்பதைக் காட்டுவது. உணர்வுநிலை என்பது பாடல் முழுவதும் கவிந்து, படிப்பவர் மனத்தில் வந்து தங்குவது. இரண்டும் ஒன்றாகவே அமையும் பாடல்கள் உண்டு. பாரி மகளிர் பாடிய புறநானூற்றின் 112ஆம் பாடல் அவற்றில் ஒன்றன்று.

அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவின்
எந்தையும் உடையேம்எம் குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவின்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே

ஐந்து அடிகளிலும் அழுகையைக் குறிக்கும் சொல் ஒன்றுகூட இல்லை. அன்று இருந்தது, இன்று இல்லை என்று கணக்கு ஒப்பிப்பதுபோல் அடக்கமாகப் பேசுகிறார்கள். பகைவரைப் பழிக்கவும் இல்லை; 'வென்றெறி முரசின் வேந்தர்' என்று சிறப்பித்தே சொல்கிறார்கள். ஆனால் பாரி வஞ்சனையால் வீழ்த்தப்பட்டான் என்ற செய்தியை நினைவில் வைத்துப் படித்தால், அந்தச் சிறப்பே இகழ்ச்சியாக மாறிவிடுகிறது. ஆகவே தொனி அடக்கமும் உள்ளே மறைந்த கசப்பும், உணர்வுநிலைதான் துயரம். பேசுபவர் அழாததாலேயே அந்தத் துயரம் நம் மேல் இறங்குகிறது.

வரிசையையும் கவனியுங்கள். முதலில் தந்தை, பிறகு குன்று. இழப்பைச் சொல்லும்போது குன்று முன்னே வந்து, தந்தை இறுதிக்குத் தள்ளப்படுகிறார். பெரிய இழப்பைச் சொல்ல நா எழாமல் கடைசிவரை ஒத்திப்போடுவதாக நான் இதைப் படிக்கிறேன்.

விடைத்தாளில் இதை இப்படி எழுதலாம்: "பாரி மகளிரின் தொனி அடக்கமானது, 'உடையேம்', 'இலமே' என நிலையை மட்டும் கூறுகின்றனர். வஞ்சித்தவர்களை 'வென்றெறி முரசின் வேந்தர்' என்பதில் இகழ்ச்சி மறைந்துள்ளது. மாறாத நிலவின் கீழ் எல்லாம் மாறிவிட்டதை 'அற்றை', 'இற்றை' என்னும் இணை காட்டுவதால், கையறு நிலையின் துயரம் படிப்பவரிடம் மிகுகிறது." ஒவ்வொரு கூற்றுக்கும் பாடலிலிருந்து ஒரு சொல் சான்றாக நிற்பதைப் பாருங்கள். உங்கள் விடையில் பாடலின் பெயரை மாற்றினாலும் அது வேறொரு பாடலுக்குப் பொருந்துமானால், அங்கே சான்று இல்லை என்று பொருள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. 'இலமே' என்பதன் ஏகாரம் புலம்பலின் ஓசை என்று பலர் எழுதுகிறார்கள். ஆசிரியப்பா ஏகாரத்தில் முடிவது பெருவழக்கு. மகிழ்ச்சிப் பாடல்களும் அப்படியே முடிகின்றன. துயரத்துக்குச் சான்றாக 'இலம்' என்ற பகுதியைக் காட்டுங்கள், ஏகாரத்தை விட்டுவிடுங்கள்.