மொட்டை மாடியில் மியாசிஸ் ரம்மி

கேள்வி: பதினோராம் வகுப்பு உயிரியலில் செல் பிரிவுப் பாடம், அதிலும் மியாசிஸ். சொற்களைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. நாங்கள் நாலு பேர் சேர்ந்து ரிவிஷன் செய்கிறோம். இதைச் சீட்டு விளையாட்டாக மாற்றலாமா? யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

செய்து பார்த்திருக்கிறேன். முதல் தடவை நன்றாகவே சொதப்பினேன். நாலு பேர் சேர்ந்து படிப்பது என்றால் எனக்குத் தெரியும்: ஒருவர் சத்தமாக வாசிப்பார், இரண்டு பேர் தலையாட்டுவார்கள், ஒருவர் போனில் இருப்பார். நீங்கள் அப்படி இல்லையென்றால் மன்னிக்கவும். என் டியூஷன் பிள்ளைகள் அப்படித்தான் இருந்தார்கள்.

முதலில் நான் செய்தது எல்லோருக்கும் தோன்றுகிற விளையாட்டுதான். ஒரு சீட்டில் சொல், இன்னொன்றில் விளக்கம். எல்லாவற்றையும் கவிழ்த்து வைத்து, இரண்டிரண்டாகத் திருப்பி ஜோடி சேர்க்க வேண்டும். 24 சொற்கள், 48 சீட்டுகள். வீட்டில் குவிந்து கிடந்த கல்யாணப் பத்திரிகைகளை வெட்டிச் செய்தேன், நல்ல தடிமனான அட்டை என்று. பிள்ளைகள் குதூகலமாக ஆடினார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது.

அன்று என் அக்கா மகன் வீட்டுக்கு வந்திருந்தான். நாலாம் வகுப்பு. நானும் ஆடுகிறேன் என்று உட்கார்ந்தவன், ஆறு ஜோடி எடுத்து ஜெயித்துவிட்டான். மியாசிஸ் என்று அவனுக்கு ஒழுங்காகச் சொல்லக்கூட வராது. எப்படிடா என்று கேட்டேன். "சித்தி, இதுல 'சினாப்டினிமல்'னு இருக்கு, அதுல 'சினாப்சிஸ்'னு இருக்கு. ரெண்டும் ஒரே மாதிரி ஆரம்பிக்குது." அதோடு விட்டானா? பத்திரிகையின் பின்பக்கத்தில் பிள்ளையார் தும்பிக்கை தெரிந்தால் அது கயாஸ்மா, மஞ்சள் பார்டர் தெரிந்தால் லெப்டோட்டீன் என்று அதையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தான்.

அன்றைக்கே அந்தக் கட்டைத் தூக்கிப் போட்டேன். நீங்கள் எந்த விளையாட்டைச் செய்தாலும் இதே சோதனையை வையுங்கள். பாடம் தெரியாத ஒருவர் உட்கார்ந்து ஆடி ஜெயிக்க முடிந்தால், அதில் பாடம் இல்லை. எழுத்து அடையாளமும் இட ஞாபகமும்தான் இருக்கின்றன.

அப்புறம் யோசித்ததில் பிடிபட்டது இது. மியாசிஸில் சொற்கள் கஷ்டமில்லை, வரிசைதான் கஷ்டம். எது எதற்கு அப்புறம், நடுவில் என்ன மாறியது என்பதில்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். வரிசையும் செட்டும் சேர்க்கிற விளையாட்டு நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதானே, ரம்மி. (காசு வைத்து ஆடச் சொல்லவில்லை. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இங்கே சிலர் அதற்கென்றே காத்திருப்பீர்கள்.)

சீட்டுக்கட்டில் 36 சீட்டுகள். ஒன்பது நிலைகள், நிலைக்கு நாலு சீட்டு. நிலைகள் இவை: லெப்டோட்டீன், சைகோட்டீன், பாக்கிட்டீன், டிப்ளோட்டீன், டயாகைனசிஸ், மெட்டாஃபேஸ் 1, அனாஃபேஸ் 1, மெட்டாஃபேஸ் 2, அனாஃபேஸ் 2. டீலோஃபேஸ் இரண்டையும் புரோஃபேஸ் 2-ஐயும் விட்டுவிட்டேன். பரீட்சைக்கு அவை வேண்டும்தான், ஆனால் சேர்த்தால் கட்டு பெரிதாகி ஆட்டம் இழுக்கிறது. வாயால் சொல்லிக்கொள்ளலாம்.

ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பெயர்ச் சீட்டு, ஒரு நிகழ்வுச் சீட்டு, ஒரு படச் சீட்டு, ஓர் எண் சீட்டு. நிலையின் பெயர் பெயர்ச் சீட்டில் மட்டும்தான் இருக்கும். மற்ற மூன்றிலும் இருக்கவே கூடாது. கையில் இருப்பது என்ன சீட்டு என்று தெரிந்துகொள்ளவே பாடம் தெரிந்திருக்க வேண்டும்.

படத்தை இரண்டு நிற ரீஃபில் பேனாவால் வரைந்தால் போதும். ஒத்த குரோமோசோம்களில் ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. லெப்டோட்டீனில் ஒற்றை ஒற்றையாக மெல்லிய நூல்கள். சைகோட்டீனில் நீலமும் சிவப்பும் பாதி ஜிப் போட்ட மாதிரி. பாக்கிட்டீனில் முழு ஜிப்பும் போட்டாயிற்று, ஒவ்வொன்றிலும் இரண்டு குரோமாட்டிட் தெரியும். டிப்ளோட்டீனில் இரண்டும் விலகுகின்றன, ஆனால் குறுக்கேற்றம் நடந்த இடத்தில், அதாவது கயாஸ்மாவில், ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நீலத்தின் நுனியில் கொஞ்சம் சிவப்பு. டயாகைனசிஸில் குட்டையாகத் தடித்து, ஒட்டு நுனிக்குப் போயிருக்கும், நியூக்ளியஸ் உறையைப் புள்ளிக் கோடாகப் போடுங்கள். அனாஃபேஸ் 1-ல் துருவத்துக்குப் போவது இரண்டு குரோமாட்டிட் உள்ள முழுக் குரோமோசோம். அனாஃபேஸ் 2-ல் போவது ஒற்றை. இந்த இரண்டு படத்திலும் அவசரப்பட்டால் விளையாட்டே கெட்டுவிடும்.

நிகழ்வுச் சீட்டில்தான் நான் இரண்டாம் முறை மாட்டினேன். "குரோமோசோம்கள் நடுத்தளத்தில் அடுக்கப்படும்" என்று எழுதியிருந்தேன். அது மெட்டாஃபேஸ் 1-க்கும் பொருந்தும், 2-க்கும் பொருந்தும். இரண்டு பையன்கள் அதற்கு அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். இப்போது ஒன்றில் "ஜோடிகள் நடுத்தளத்தில் நிற்கும்", இன்னொன்றில் "தனித்தனிக் குரோமோசோம்கள் நடுத்தளத்தில் நிற்கும்" என்று இருக்கிறது. "குரோமோசோம் சுருங்கித் தடிக்கும்" என்று மொட்டையாக எழுதினாலும் இதே கதைதான், புரோஃபேஸ் 1 முழுக்க அது நடந்துகொண்டேதான் இருக்கிறது. எழுதி முடித்ததும் நிகழ்வுச் சீட்டுகள் ஒன்பதையும் வேறொருவரிடம் கொடுத்து நிலைவாரியாக அடுக்கச் சொல்லுங்கள். அவர் எங்கே தயங்குகிறாரோ அந்தச் சீட்டைத் திருத்தி எழுதுங்கள்.

எண் சீட்டுக்கு வெங்காயத்தை எடுத்துக்கொண்டேன். வெங்காயத்தின் உடல் செல்லில் 16 குரோமோசோம். லெப்டோட்டீனுக்கு "16 குரோமோசோம், ஜோடி சேரவில்லை". அனாஃபேஸ் 1-க்கு "ஒரு துருவத்துக்கு 8 குரோமோசோம், 16 குரோமாட்டிட்". மெட்டாஃபேஸ் 2-க்கு "ஒரு செல்லில் 8 குரோமோசோம், 16 குரோமாட்டிட்". அனாஃபேஸ் 2-க்கு "ஒரு துருவத்துக்கு 8, ஒவ்வொன்றும் ஒற்றை". சைகோட்டீனிலிருந்து மெட்டாஃபேஸ் 1 வரை ஐந்து நிலைக்கும் எண் ஒன்றேதான்: "16 குரோமோசோம், 8 ஜோடி". ஆக அச்சு அசலாக ஒரே மாதிரி ஐந்து சீட்டு வந்து நின்றது. முதலில் இதைக் குறை என்றுதான் நினைத்தேன். ஆடிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அது எனக்குத் தானாகக் கிடைத்த ஜோக்கர். ஆனால் எல்லா இடத்துக்கும் போகாத ஜோக்கர். சைகோட்டீனுக்கு முன்னால் வைத்தாலும் செல்லாது, மெட்டாஃபேஸ் 1-க்குப் பின்னால் வைத்தாலும் செல்லாது. ஏன் செல்லாது என்று தெரிந்தவர்தான் அதைப் பிடித்து வைப்பார். (சைகோட்டீனில் ஜோடி சேர்வது முடிவதில்லையே என்று யாராவது கேட்கலாம். சரிதான். பதினோராம் வகுப்புக்கு இது போதும்.)

ஆட்டம் இப்படி. நாலு பேருக்கு ஆளுக்கு ஆறு சீட்டு, மிச்சம் 12 நடுவில், ஒன்று திறந்து. ஒன்று எடு, ஒன்று போடு. ஜெயிக்க ஒரு செட்டும் ஒரு வரிசையும் வேண்டும். செட்டு என்றால் ஒரே நிலையின் மூன்று வெவ்வேறு வகைச் சீட்டு. வரிசை என்றால் அடுத்தடுத்த மூன்று நிலைகள், எந்த வகையாகவும் இருக்கலாம். எண் சீட்டு ஒரு கையில் ஒன்றுதான். இறக்குகிறவர், வரிசையில் ஒரு சீட்டிலிருந்து அடுத்ததற்கு என்ன மாறியது என்று ஒவ்வொரு இடைவெளிக்கும் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் அவர் அவுட், சீட்டைத் திறந்து வைத்துவிட்டு வேடிக்கை பார்க்கலாம். சண்டை வந்தால் பாடநூல்தான் நடுவர்.

ஒரு ஆட்டம் சொல்கிறேன். ஒரு பெண் இறக்கினாள். பாக்கிட்டீன் பெயர், அதன் படம், "ரீகாம்பினேஷன் முடிச்சுகள் தோன்றும்" என்ற நிகழ்வு, இது செட்டு. வரிசையில் டிப்ளோட்டீன் படம், ஓர் எண் சீட்டு, மெட்டாஃபேஸ் 1 நிகழ்வு. எண் சீட்டு டயாகைனசிஸாக நிற்கிறது, செல்லும். முதல் இடைவெளியில் என்ன மாறியது என்றேன். "கயாஸ்மா நுனிக்கு நகரும் மிஸ், நியூக்ளியோலஸ் மறையும், உறை உடையும்." அடுத்ததற்கு, "ஜோடிகள் கதிர்கோல் இழையில் மாட்டி நடுவில் வந்து நிற்கும்." ஜெயித்தாள். அதற்கு முந்தைய ஆட்டத்தில் ஒரு பையன் மெட்டாஃபேஸ் 1, அனாஃபேஸ் 1, மெட்டாஃபேஸ் 2 என்று அழகாக இறக்கிவிட்டு, அனாஃபேஸ் 1-ல் "சென்ட்ரோமியர் பிளவுபடும்" என்றான். அவுட். சென்ட்ரோமியர் பிளவுபடுவது அனாஃபேஸ் 2-ல். என்னிடம் வருகிற பிள்ளைகளில் பாதிக்கு மேல் தடுக்கி விழுகிற இடம் இதுதான்.

இடையில் பேச்சும் வளரும். மனிதக் கருமுட்டைச் செல்கள் பிறப்பதற்கு முன்பே மியாசிஸைத் தொடங்கி டிப்ளோட்டீனில் நின்றுவிடும், பருவமடைந்த பிறகுதான் சில சில தொடரும் என்று சொன்னேன். "அப்ப பதினஞ்சு வருஷமா அங்கயே நிக்குதா மிஸ்?" என்று ஒருத்தி வாய் பிளந்தாள். அதற்கப்புறம் டிப்ளோட்டீனுக்கு அவர்கள் வைத்த பெயர் 'பஸ் ஸ்டாண்ட்'.

இது எல்லாப் பாடத்துக்கும் ஆகாது. நெஃப்ரானுக்கு ஆகும், அங்கேயும் வடிதிரவம் வரிசையாகத்தான் போகிறது. தாவரக் குடும்பங்களுக்கு ஆகாது, அங்கே செட்டு உண்டு, வரிசை இல்லை. ஐந்து மதிப்பெண் விடையைத் தாளில் எழுதிப் பழகும் வேலையையும் இது செய்யாது.

சீட்டு செய்ய: 300 ஜிஎஸ்எம் வெள்ளை அட்டை, ஒரு ஏ4-ல் மும்மூன்றாக ஒன்பது. நாலு தாள் போதும். பின்பக்கம் வெறுமையாக இருக்கட்டும், பிள்ளையார் வேண்டாம். தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டு பேரும் உங்கள் குழுவில் இருந்தால் நிகழ்வுச் சீட்டில் குறுக்கேற்றம், கிராசிங் ஓவர் என்று இரண்டையும் எழுதுங்கள். லேமினேட் செய்யாதீர்கள், குலுக்கும்போது வழுக்கிக்கொண்டு ஓடும்.

லேமினேட் என்றதும் நினைவு வருகிறது. பிள்ளை ஒருவனின் அம்மா போன் செய்து, "மிஸ், உங்க வீட்டுல சீட்டாடிட்டு வந்தேங்கிறான்" என்று பதறினார். சீட்டுக்கட்டை அவருக்கே கொடுத்தனுப்பினேன், பார்த்துவிட்டு அமைதியாகிவிட்டார். கட்டு அங்கிருந்து அவன் படிக்கிற பள்ளிக்குப் போனது. கண்காட்சியில் வைத்தார்கள், பக்கத்தில் வேறு யாரோ ஒருவர் பெயருடன். நான் கேட்டதற்கு, "ஐடியா பொதுவானதுதானே மேடம்" என்றார்கள். சரி, பொதுவானதுதான். ஆனால் அந்தப் படங்கள் நான் ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்து வரைந்தவை. இப்போது 36 சீட்டும் பளபளவென்று லேமினேட் ஆகி, பூட்டிய கண்ணாடி பீரோவில் இருக்கின்றன. பிள்ளைகள் எடுத்து ஆடினால் அழுக்காகிவிடுமாம்.