காதில் நிற்கிற மாதிரி விலை சொல்வது எப்படி?

கேள்வி: அம்பத்தூரில் ஒரு பம்பு கம்பெனியின் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். மாதம் ஒருமுறை 40 டீலர்களுக்கு கான்ஃபரன்ஸ் கால், வெறும் குரல்தான். விலை மாற்றத்தை எழுதி வைத்துத் தெளிவாகத்தான் படிக்கிறேன். கால் முடிந்ததும் பாதிப் பேர் மறுபடி கூப்பிட்டு அதையே கேட்கிறார்கள். எப்படி எழுத வேண்டும்?

பதில்: நீங்கள் படிப்பது சுற்றறிக்கை நடையாக இருக்கும் என்று நினைக்கிறேன். இப்படி: "ஒன்றரை எச்பி பம்பின் விலை 8,640 ரூபாயிலிருந்து 9,070 ஆகவும், ஒரு எச்பி பம்பின் விலை 6,850 ரூபாயிலிருந்து 7,190 ஆகவும் ஆகஸ்ட் 1 முதல் உயர்த்தப்படுகிறது." தமிழில் வினை கடைசியில்தான் வரும். விலை ஏறுகிறதா இறங்குகிறதா என்பது உறுதியாகும் முன்பே நான்கு எண்கள் காதைக் கடந்துவிடுகின்றன. காகிதத்தில் கண் திரும்பிப் போய்ப் பார்த்துக்கொள்ளும்; காதுக்கு அந்த வசதி இல்லை.

அதையே இப்படி எழுதுங்கள்:

"இப்போது விலை. பேனா எடுத்துக்கொள்ளுங்கள், பத்து விநாடி தருகிறேன்.
இரண்டு மாடலுக்கு விலை ஏறுகிறது. ஆகஸ்ட் ஒன்றிலிருந்து. ஏறக்குறைய ஐந்து சதவீதம்.
முதலில் ஒன்றரை எச்பி. புது விலை ஒன்பதாயிரத்து எழுபது. ஒன்பது, பூஜ்யம், ஏழு, பூஜ்யம். முன்பைவிட 430 ரூபாய் கூடுதல்."

ஒரு எச்பிக்கும் இதே வரிசைதான். பழைய விலையைச் சொல்லவே வேண்டாம். அது டீலரிடம் இருக்கிறது, சொன்னால் இரண்டில் எதை எழுதுவது என்று குழம்புவார். இலக்கங்களைத் தனித்தனியாகச் சொல்வதற்கும் காரணம் உண்டு. எழுபதும் எண்பதும் ஒரே மாதிரி தொடங்கி ஒரே மாதிரி முடிகின்றன. லைன் கொஞ்சம் கரகரத்தாலும் ஒன்று மற்றொன்றாகிவிடும். எழுநூறு, எண்ணூறும் அப்படித்தான். பத்து விநாடி என்று முன்கூட்டிச் சொல்வதும் முக்கியம். சொல்லாமல் நிறுத்தினால் லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து "ஹலோ, ஹலோ" என்பார்கள்.

"மேலே சொன்னபடி", "அந்த மாடல்" என்றெல்லாம் வந்தால் அடித்துவிட்டுப் பெயரையே மறுபடி போடுங்கள். எழுத்தில் சலிப்பு தட்டும் இந்தத் திரும்பச் சொல்லல்தான் நடுவில் வந்து சேர்ந்தவருக்கும் கைகொடுக்கும். பேசுபவர் மாறும்போது புதியவர் தன் பெயரையும் பொறுப்பையும் சொல்லித் தொடங்கட்டும். கேள்வி கேட்கும்போது ஊரை முதலில் கூப்பிடுங்கள்: "சேலம், உங்களிடம் பழைய ஸ்டாக் எவ்வளவு இருக்கிறது?" கடைசியில் கூப்பிட்டால் அவர் கேள்வியைக் கவனித்திருக்க மாட்டார். மியூட்டை எடுக்க அவருக்கு நேரம் வேண்டும் என்பதால், ஸ்கிரிப்டிலேயே "மனசுக்குள் ஐந்து எண்ணு" என்று குறித்துவையுங்கள்.

முந்தின நாள், விலை தெரியாத ஒருவருக்குப் போன் போட்டு முழுவதையும் படித்துக் காட்டுங்கள். அவரை எழுதிக்கொள்ளச் சொல்லி, எழுதியதைத் திரும்பப் படிக்கச் சொல்லுங்கள். எந்த எண் தப்பாக வருகிறதோ, அந்த வரியை மட்டும் மாற்றி எழுதினால் போதும்.