கடினநீர்ப் பாடமும் கம்ப்யூட்டர் சயின்ஸ் பிள்ளைகளும்: கேள்வி பதில்

முதலாண்டு பொறியியல் வேதியியல் எடுக்கிறேன். நீரின் கடினத்தன்மை, இ.டி.டி.ஏ. தரம்பார்த்தல். கம்ப்யூட்டர் சயின்ஸ் வகுப்பில் ஒருத்தனும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. தானே விரும்பிச் செய்கிறோம் என்ற உணர்வு இருந்தால்தான் ஊக்கம் நிற்கும் என்கிற சுயநிர்ணயக் கோட்பாடு இதற்கு உதவுமா சார்?

உதவும், ஆனால் பாடத்தை இனிப்பாக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். 1994-இல் இந்தக் கோட்பாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான உளவியலாளர் டெசியும் அவருடன் இருந்தவர்களும் ஒரு பரிசோதனை செய்தார்கள். திரையில் வெளிச்சப் புள்ளி தோன்றும்போதெல்லாம் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான், சலிப்புக்கென்றே தேர்ந்தெடுத்த வேலை. அதில் மூன்று விஷயங்களை மாற்றிப் பார்த்தார்கள்: ஏன் செய்கிறோம் என்ற காரணம், 'இது சலிப்பானதுதான்' என்று ஒப்புக்கொள்வது, 'செய்தே ஆக வேண்டும்' என்று அதட்டாமல் தேர்வுக்கு இடம் விட்டுப் பேசுவது. இவை கூடக்கூட, பங்கேற்றவர்கள் பிறகும் யாரும் சொல்லாமலே அதைத் தொடர்ந்தார்கள். குறைவாக இருந்த இடத்திலும் சிலர் தொடர்ந்தார்கள், ஆனால் மனசு ஒட்டாமல், கடமைக்கு.

என் வகுப்பில் நான் செய்தது இது. முதல் நாளே சொல்லிவிடுவேன்: "ப்யூரெட்டைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக விடுவது போர்தான், எனக்கும் போர் அடித்திருக்கிறது." அப்புறம், "உங்கள் விடுதித் தண்ணீரில் சோப்பு ஏன் நுரைப்பதில்லை, வாளியில் வெள்ளையாக ஏன் படிகிறது, இன்று அதை எண்ணாகப் பார்க்கப் போகிறோம்." மாதிரி அவர்கள் விருப்பம். போர்வெல், லாரித் தண்ணீர், கேன், ஊர்க் கிணறு, எது வேண்டுமானாலும் கால் லிட்டர் பாட்டிலில் கொண்டுவரலாம். தரம்பார்க்கும் முறையில் மட்டும் சாய்ஸ் கிடையாது.

சாய்ஸ்தான் மருந்து என்றால் நான் ஏற்கெனவே கொடுக்கிறேனே. அசைன்மென்ட்டுக்குப் பதினைந்து தலைப்பு, நீங்களே எடுங்கள் என்றேன். எல்லாரும் முதல் தலைப்பையே காப்பியடித்தார்கள்.

பாதி சரிதான். பதினைந்தும் அவர்களுக்கு ஒன்றுபோலத் தெரிந்திருக்கும். நீலப் பேனாவா, கறுப்புப் பேனாவா என்று கேட்பதும் இந்த வகைதான். தேர்வு அவர்கள் வாழ்க்கையில் எதையாவது தொட வேண்டும், எண்ணிக்கை மூன்று நான்குக்கு மேல் போகக்கூடாது. இன்னொன்று, மோலாரிட்டியே புரியாதவனிடம் தேர்வைக் கொடுத்தால் பயந்துதான் போவான். அதனால் ஒரு கணக்கை முதலில் நானே போட்டுக் காட்டுவேன். 0.01 மோலார் இ.டி.டி.ஏ. ஒரு மில்லி, ஒரு மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். ஒரு பெண் கொண்டுவந்த போர்வெல் தண்ணீரில் 20 மில்லிக்கு 14 மில்லி செலவானது. 20 மில்லியில் 14 மில்லிகிராம் என்றால் லிட்டருக்கு 700. இந்தியத் தர நிர்ணயப்படி 200 வரை விரும்பத்தக்கது, வேறு தண்ணீரே இல்லை என்றால் 600 வரை பொறுக்கலாம். பக்கத்து மேஜையில் கேன் தண்ணீர் 1 மில்லியிலேயே ஒயின் சிவப்பிலிருந்து நீலமானது, அதாவது 50. அதைப் பார்த்துவிட்டு அவள் தானாகவே இரண்டாம் முறை செய்தாள், முதல் தடவை தப்போ என்று.

உப்புத் தண்ணீரில் முடி கொட்டும் என்று சொன்னால் இன்னும் ஆர்வமாகக் கேட்பார்களே?

சொல்லாதீர்கள். சோப்பு நுரைக்காததையும் ஹீட்டரில் படிவதையும் கண்ணால் காட்ட முடியும். முடி விஷயத்தை என்னால் அப்படிக் காட்ட முடியாது. அவர்கள் போனில் தேடிப் பார்த்துவிட்டு வந்தால், நாம் அடுத்துச் சொல்லும் எந்தக் காரணமும் எடுபடாது. 'பிற்காலத்தில் உதவும்' என்பதும் அப்படித்தான், காது அதை வடிகட்டிவிடும்.

ஐயா, என் பையனுக்குப் பிடிக்காத கோர்ஸில் சேர்த்துவிட்டோம். மாற்றலாமா?

அம்மா, இங்கே பேசுவது மாற்ற முடியாத ஒரு பாடத்தை எப்படி நடத்துவது என்று. கோர்ஸ் மாற்றுவது வேறு கதை, அவனிடமே உட்கார்ந்து பேசுங்கள்.

சொல்வதெல்லாம் சரி, எனக்கு ஒரு பேட்சுக்கு 30 பேர், இரண்டு மணி நேரம், ரெக்கார்டு நோட்டில் எல்லாருக்கும் ஒரே மாதிரி விடை இருக்க வேண்டும். நடக்கிற காரியமா?

முழுசாக நடக்காது. நான் செய்தது, கல்லூரி தரும் மாதிரியை எல்லாரும் ஒரு தடவை செய்து ரெக்கார்டில் எழுதுவது, கடைசி முக்கால் மணியில் நான்கு பேருக்கு ஒரு பாட்டில் என்று சொந்த மாதிரி. சில பேட்சில் நேரம் போதாமல் விட்டும் போயிருக்கிறது. முக்கியமாக, சொந்த மாதிரிக்கு மதிப்பெண் போடாதீர்கள். ஒரு வருடம் ஐந்து மார்க் வைத்தேன், பாதிப் பேர் கல்லூரிக் குழாய்த் தண்ணீரையே பிடித்துவந்து ஊர்க் கிணறு என்று எழுதினார்கள்.

வேலை செய்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கருத்துப் படிவம் கொடுக்கலாமா?

படிவத்தில் நமக்குப் பிடித்ததைத்தான் எழுதுவார்கள். நான் கேள்விகளைக் கவனிப்பேன். "சார், இது யூனிவர்சிட்டியில் கேட்பாங்களா?" என்பது மட்டுமே காதில் விழுந்தால் ஒன்றும் நகரவில்லை. "ஆர்.ஓ. தண்ணீரில் ஏன் இவ்வளவு குறைவு?" என்று ஒருவனாவது கேட்டால் ஏதோ நகர்ந்திருக்கிறது. அடுத்த செமஸ்டர் வரை அது நிற்கிறதா என்று நான் பார்த்ததில்லை.