காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு முதல்முறை போகிறவருக்கு வழி

கேள்வி: கிண்டியில் இருக்கிறேன். காசிமேட்டில் போய் மீன் வாங்க ஆசை. மேப்பில் ஹார்பர் என்று போட்டால் வேறெங்கோ காட்டுகிறது. எப்படிப் போவது?

மேப்பில் Kasimedu Fishing Harbour என்று முழுசாகப் போடுங்கள். வெறும் ஹார்பர் என்றால் மேப் மட்டுமல்ல, ஆட்டோக்காரரும் உங்களை ராஜாஜி சாலையில் பீச் ஸ்டேஷன் எதிரே இருக்கும் சென்னைத் துறைமுகத்துக்குத்தான் கொண்டுபோவார். அது கப்பல் துறைமுகம். உயரமான மதிலும் வாசலில் பாஸ் கேட்கும் காவலர்களும் தெரிந்தால் இடம் தப்பு, இன்னும் வடக்கே போகணும். திருவொற்றியூர்ப் பக்கம் சூரை மீன்பிடித் துறைமுகம் ஒன்றும் இருக்கிறது, அதுவும் வேறு. ஆட்டோவில் "காசிமேடு, மீன் ஏலம் விடுற இடம்" என்று சொன்னால் குழப்பமே வராது.

கிண்டியிலிருந்து உங்களுக்குச் சுலபம் மெட்ரோதான். விம்கோ நகர் போகும் நீல வழித்தட ரயிலில் மாறாமல் உட்கார்ந்து தண்டையார்பேட்டையில் இறங்குங்கள். அங்கிருந்து கிழக்கே கடலைப் பார்த்து ஆட்டோ பிடித்தால் சீக்கிரம் போய்விடலாம்.

வண்டியில் வருவதானால் ராஜாஜி சாலையில் வடக்கே வந்து, ராயபுரம் தாண்டி, சூரியநாராயண செட்டி தெருவைப் பிடியுங்கள். கடல் எப்போதும் உங்கள் வலது கைப்பக்கம் இருக்கணும். இந்தப் பக்கத்துச் சாலைகளில்தான் கவனம் தேவை. கப்பல் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும், திடீரென்று நகரும். பைக்கில் வந்தால் லாரியின் இடது பக்கம் புகுந்து முந்தாதீர்கள். அந்த உயரத்தில் உட்கார்ந்திருக்கும் டிரைவருக்கு அங்கே இருப்பவர் தெரியவே மாட்டார்.

வாசலை நெருங்கிவிட்டதைச் சாலையே சொல்லிவிடும். ஐஸ் பெட்டிகளோடு மீன்பாடி வண்டிகள் வெளியே வரும், அவற்றிலிருந்து சொட்டிய தண்ணீர் தார்ச்சாலையில் கோடு போட்டிருக்கும். அந்த ஈரக்கோடு எங்கிருந்து வருகிறதோ அங்கேதான் உள்ளே திரும்பணும். உள்ளே தரை முழுக்க ஈரமும் செதிலுமாக வழுக்கும், பிடிமானமுள்ள ரப்பர் செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள்.

மொத்த ஏலம் விடியுமுன்பே நடக்கும். கூடை கூடையாக எடுக்கும் வியாபாரிகளுக்கானது அது. ஒரு கிலோ, இரண்டு கிலோ வாங்க, அதன்பிறகு சில்லறையாக விற்கும் அம்மாக்களிடம் போங்கள், காலை முதல் மெட்ரோவில் வந்தாலே போதும். ஞாயிற்றுக்கிழமை வாசலிலேயே வண்டிகள் முட்டிக்கொண்டு நிற்கும், முதல்முறை ஒரு வார நாளில் வாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். ஃபைபர் படகு மீன் மட்டும் கொஞ்சம் வரும், விலையும் ஏறியிருக்கும்.